தலை அலசும் பேசினில் எது மேல்: குறை ஓட்ட ஷவரா, விசை வைத்த கைப்பிடியா?

சின்ன சலூனில் பேசினில் மிச்சமாகும் தண்ணீர் மின்சாரத்தையும் மிச்சமாக்கும், ஏனென்றால் அது வெந்நீர். முதலில் ஒரு வாளியை வைத்து, 1 நிமிடத்தில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று பாருங்கள். 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 5 நிமிடம் திறந்திருந்தால் 50 லிட்டர் போகும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டும் விடும் குறை ஓட்ட ஷவர் மாட்டினால் கணக்குப்படி 30 லிட்டர்தான். ஆனால் அடர்ந்த கூந்தலில் நுரை போக இன்னும் 1 நிமிடமாவது ஆகும், அப்போது 36. ஓட்டம் ரொம்பக் குறைந்தால் சில உடனடி ஹீட்டர்கள் எரியவே எரியாது, வாடிக்கையாளர் தலையில் பச்சைத் தண்ணீர் விழும்.

விசைக் கைப்பிடியில் விரலால் அழுத்தும்போது மட்டும் தண்ணீர் வரும், ஓட்டம் குறையாது. ஷாம்பு தேய்க்கும் 2 நிமிடம் விரலை எடுத்தால் போதும், 30 லிட்டரில் வேலை முடியும். மிச்சமான 20 லிட்டரை 15 டிகிரி சூடாக்கத் தேவையான மின்சாரம் சுமார் 0.35 யூனிட். பிடரியில் வழுவழுப்பு போகும்வரை நன்றாக அலசவும் முடியும்.

இதிலும் கவனம் வேண்டும். நிறுத்தித் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் சுடலாம். மணிக்கட்டில் பார்த்த பிறகே தலைக்குக் கொண்டு போங்கள். குழாயில் அழுத்தம் நிற்பதால் இரவில் மெயின் குழாயையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கக்கூடும்.

நான் கைப்பிடியைத்தான் வாங்குவேன். ஆனால் உதவியாளர் விரலை எடுக்கப் பழகாத கடைக்கு ஷவரே சரி.