முதல் மெசேஜ் யாருக்கு? சொந்தக்காரர், பழைய ஆபீஸ் அக்கா, காலேஜ் குரூப், லிங்க்ட்இன்: வேலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணிடம் "நாலு பேர்கிட்ட சொல்லி வை" என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த நாலு பேர், அதில் யாரிடம் முதலில் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆள் மாறினால் கிடைக்கும் பதிலும் மாறுகிறது.

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவரை வைத்தே பேசுகிறேன். பி.காம். படித்தவர். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். 2014இல் முதல் குழந்தை பிறந்தபோது நின்றவர், இரண்டாவது பையனும் பள்ளிக்கூடம் போன பிறகு இப்போது கிளம்பியிருக்கிறார். அவர் விட்டுவந்தபோது இருந்தது வாட் வரியும் டேலி ஈஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருளும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்துவிட்டது. 2020 கடைசியில் டேலி பிரைம் வந்தது. ஆக, அவருக்கு முதல் தேவை வேலைகூட இல்லை. தான் எழுந்து வந்த அந்த மேஜையில் இன்று என்ன வேலை நடக்கிறது என்று சொல்ல ஓர் ஆள்.

எல்லாருக்கும் முதலில் கை போவது சொந்தக்காரர்கள் பக்கம்தான். கேட்பது சுலபம், கூச்சம் இல்லை. ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும், மறுநாள் காட்பாடி வரைக்கும் தெரிந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம். "இப்ப எதுக்கும்மா வேலை, மாப்பிள்ளை நல்லாத்தானே சம்பாதிக்கிறாரு" என்பது ஒரு வகை. அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். இன்னொரு வகைதான் கஷ்டம். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் கடையில் கணக்கெழுத ஆள் வேண்டும், நாளைக்கே வரச் சொல்கிறார், சம்பளம் என்னவென்று யாரும் வாய் திறக்கவில்லை. போகவில்லை என்றால் பெரியப்பாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி. போனால் சம்பளம் பேச முடியாது, ஆறு மாதத்தில் விலகவும் முடியாது.

நெருக்கமானவரிடம் கேட்பதுதான் அழுத்தம் இல்லாதது என்ற கணக்கு இங்கேதான் தப்பாகிறது. கேட்கிற அந்த ஒரு நிமிடத்தின் கூச்சத்தை மட்டும் பார்க்கிறோம். வருவது பிடிக்காவிட்டால் எவ்வளவு சுலபமாக 'வேண்டாம்' என்று சொல்ல முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகச் சொந்தக்காரர்களைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. லாங் பஜார் மொத்த வியாபாரி, சிஎம்சி பக்கத்து லாட்ஜ்காரர் போன்றவர்கள் கல்லாவையும் பேங்க் வேலையையும் நம்பி ஒப்படைக்க ஆள் தேடும்போது, 'யார் வீட்டுப் பெண்' என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் அரை நாள் வேலை போதும் என்று முடிவு செய்தவருக்கு மாமனாரின் நண்பர் சொல்லும் ஒரு வார்த்தை எந்தப் பயோடேட்டாவையும் விடப் பெரிது. ஏற்றுமதி நிறுவனத்தில் அந்த வார்த்தை வாட்ச்மேனைத் தாண்டாது. அங்கே வேலை தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

அடுத்தது, கூட வேலை பார்த்துவிட்டு வருஷக்கணக்கில் பேசாமல் விட்டவர்கள். என் ஓட்டு இவர்களுக்குத்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்த்தவர் என்று சொன்னவர்கள் 17 சதவீதத்துக்கும் கீழே. எப்போதாவது பார்த்தவர் என்றது சுமார் 56 சதவீதம், அரிதாகப் பார்த்தவர் என்றது சுமார் 28 சதவீதம். அதில் பழைய சக ஊழியர்களும் பழைய முதலாளிகளும் நிறைய. காரணமும் எளிது. தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். எப்போதாவது பார்ப்பவர் வேறு இடத்தில் புழங்குகிறார். (அவர் விசாரித்தது ஆண்களை மட்டும்தான், அதுவும் பாஸ்டன் பக்கத்து ஊரில். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் திசை சரி.)

பழைய சக ஊழியரிடம் இன்னொரு வசதி, அவருக்கு நம் வேலை தெரியும். இடைவெளிக்கு விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருக்காரர் அனுப்பிய மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம் அக்கா. 2014 வரைக்கும் பர்ச்சேஸ் பில் பார்த்துட்டு உங்க பக்கத்து டேபிள்ல இருந்தேனே, ஞாபகம் இருக்கா? எப்படி இருக்கீங்க? பசங்க வளந்துட்டாங்க, மறுபடி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வரலாம்னு இருக்கேன். வேலை கேட்டு மெசேஜ் பண்ணலக்கா. இப்ப அங்க என்னென்ன மாறியிருக்கு, நான் முதல்ல என்ன கத்துக்கணும்னு உங்ககிட்ட கேட்டா சரியா இருக்கும்னு தோணுச்சு. இருபதாம் தேதிக்கு அப்புறம், நேரம் இருக்கும்போது ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? முடியலன்னாலும் பரவாயில்ல."

அந்த இருபதாம் தேதி சும்மா போட்டது இல்லை. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு, விற்பனை விவரம் காட்டும் GSTR-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11, வரியைக் கணக்குப் பார்த்துக் கட்டும் GSTR-3B படிவத்துக்குக் கடைசி நாள் 20. இந்த இரண்டுக்கும் நடுவே அக்கவுண்ட்ஸ்காரரைக் கூப்பிட்டால் நல்ல மனுஷிகூட எரிந்துவிழுவார். அந்தத் தேதி தெரிந்து ஒருவர் கேட்கிறார் என்பதே, இவர் எதையும் படிக்காமல் வரவில்லை என்று எதிராளிக்குக் காட்டிவிடும்.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் பதில் 'சரிம்மா, சொல்றேன்' என்பதோடு முடிந்திருக்கும். வேலை கொடுக்கும் அதிகாரம் அந்த அக்காவிடம் இல்லை. அதைக் கேட்டால் அவருக்கும் தர்மசங்கடம். வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால் அவர் மணிக்கணக்கில் பேசுவார். பேசவும் பேசினார். வாங்கிய சரக்குக்குக் கட்டிய உள்ளீட்டு வரியை மாதாமாதம், விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து வரும் GSTR-2B பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இப்போது பாதி வேலை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு ஜாப் ஒர்க்குக்குப் போய்வருகிறது. அந்தச் சலான்களைக் கோத்து, ஜாப் ஒர்க் கணக்கைக் காட்டும் ITC-04 படிவத்தைத் தாக்கல் செய்யத் தெரிந்த ஆளுக்குத் தட்டுப்பாடு. டேலி பிரைமைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், F8 அழுத்தினால் சேல்ஸ், F9 அழுத்தினால் பர்ச்சேஸ் என்பதெல்லாம் பழையபடிதான். தேடுவது எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் Alt+G. இதில் ITC-04 பற்றிய தகவல் எந்தப் பயிற்சி மையத்து நோட்டீஸிலும் இருந்திருக்காது.

போனை வைக்கும் முன் எங்கள் தெருக்காரர் கேட்டது இரண்டே கேள்வி. இதைப் பற்றி இன்னும் யாரிடம் பேசலாம்? அவரிடம் உங்கள் பேரைச் சொல்லலாமா? முதல் கேள்விக்கு ஒரு பேர் வந்தது. அந்தக் காலத்தில் ஆடிட்டுக்கு வந்து வவுச்சர் வவுச்சராகக் கேட்டுப் படுத்திய ஆர்ட்டிகிள் பையன், இப்போது சி.ஏ. முடித்து காந்தி நகரில் தனி ஆபீஸ் போட்டிருக்கிறாராம். ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள் பல கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பவர்கள். எங்கே மேஜை காலி என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பழைய ஆபீஸ் என்றதும் மேனேஜரையே நினைக்கிறோம். ஆடிட்டுக்கு வந்தவர், பேங்கில் நம் ஃபைலைப் பார்த்தவர், டிஸ்பாட்ச் செக்‌ஷன்காரர் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். பழைய கம்பெனியே மூடிவிட்டது, அல்லது மேனேஜரோடு மனஸ்தாபத்தில் விலகினோம் என்றாலும் இந்த வழி திறந்திருக்கும்.

பதில் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். திருப்பிக் கேள்வி கேட்டாலோ நேரம் குறித்தாலோ இருக்கிறது. கட்டைவிரல் ஸ்டிக்கரோ 'பாக்கலாம்' என்பதோ வந்தால் இப்போதைக்கு இல்லை. அடுத்த மாதம் தாக்கல் முடிந்த பிறகு ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கும் மேல் வேண்டாம்.

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. ஆக்சீலியமோ டி.கே.எம்.மோ, எந்தக் கல்லூரியின் பழைய மாணவிகள் குரூப்பாக இருந்தாலும் பொதுவில் "வேலை தேடுகிறேன்" என்று போட்டால் வாழ்த்தும் பூங்கொத்தும் வரும், அவ்வளவுதான். எல்லாருக்கும் வந்த மெசேஜுக்கு யாரும் பொறுப்பில்லை. உறுப்பினர் பட்டியலை மட்டும் பொறுமையாகப் பார்த்து, இதே துறையில் இருக்கும் ஒரு தோழியைப் பிடித்துத் தனியாக எழுதினால் அதுவும் மேலே சொன்ன பழைய சக ஊழியர் வழி மாதிரி ஆகிவிடும்.

லிங்க்ட்இன் வேறு கதை. முகம் தெரியாத எச்.ஆருக்கு எழுதிவிட்டுப் பதில் வராத இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பது, புதிதாகக் கிளம்புகிறவரின் தைரியத்தைத்தான் முதலில் தின்னும். வேலூர், ராணிப்பேட்டைச் சிறு நிறுவனங்களின் கணக்கு வேலைகள் அங்கே அதிகம் வருவதும் இல்லை. ஆனால் பழைய ஆட்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேட அதைவிட நல்ல இடம் கிடையாது. தோழி ஒருத்தி ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஃபைனான்ஸ் பார்க்கிறாள் என்பது அங்கேதான் தெரியவரும். 2022இலிருந்து அதில் பணி இடைவெளியைக் காட்டத் தனிப் பகுதியே இருக்கிறது. அதை நிரப்பிவிட்டால் தேதிகளுக்கு நடுவே விழும் ஓட்டையை மறைக்க வேண்டியதில்லை.

இதே பெண் மென்பொருள்காரராக இருந்தால் வரிசையை மாற்றிப் போடுவேன். வி.ஐ.டி.யில் படித்துச் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி வேலூரில் தங்கிவிட்டவருக்குப் பழைய டீம் ஆட்கள் எல்லாரும் லிங்க்ட்இனில்தான் இருப்பார்கள். அங்கேயே முதல் மெசேஜைத் தட்டலாம். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போக மட்டும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால் வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள் என்பதை அந்த முதல் பேச்சிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

எங்கள் தெருக்காரர் இப்போது அந்த ஆடிட்டர் ஆபீஸுக்கு மதியம் மட்டும் போய்வருகிறார். சம்பளம் குறைவுதான், தெரிந்தே ஒத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி பேசுவதாக ஏற்பாடு. பெரியப்பாவிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார். அவருக்கும் ஒரு கடைக் கணக்கு ஞாபகம் வந்தது. அந்த வேலையை ஆடிட்டர் ஆபீஸ் வழியாகவே எடுத்துக்கொண்டார்கள், கட்டணம் பேசி.