வீட்ல ஒருத்தருக்கு ஃப்ளூ: எல்லாருக்கும் மாத்திரையா, பாத்துட்டு குடுக்கலாமா?

எங்க வீட்ல பையனுக்கு ஃப்ளூனு உறுதியானதும் ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, காய்ச்சல் வரும் முன்னாடியே ஓசெல்டாமிவிர்ங்கற ஃப்ளூ மாத்திரை 75 மி.கி. தினம் ஒரு வேளை 7 நாள், அதுவும் நோயாளிகூட பழகி 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, காத்திருந்து இருமல், காய்ச்சல் தொடங்கின உடனே அதே மாத்திரை தினம் ரெண்டு வேளை 5 நாள்.

எனக்கும் அவருக்கும் ரெண்டாவதே போதும், நல்லா இருக்கறவங்களுக்கு சும்மா மாத்திரை போட்டா குமட்டல் வாந்திதான் மிச்சம். ஆனா கீமோ எடுக்கற அத்தைக்கு டாக்டர் உடனே முதல் வழிதான் சொன்னார், கிட்னி டெஸ்ட் பாத்துதான் டோஸ் முடிவு பண்ணார். நடுவுல காய்ச்சல் வந்தா தினம் ஒரு வேளைங்கற டோஸையே தொடரக்கூடாது, உடனே கூப்பிடுங்கன்னார், அப்போ சிகிச்சை டோஸுக்கு மாத்தணுமாம்.