உள்வாடகைக்கு விட்ட வாடகைதாரரும், நான் தவறாக அனுப்பிய முதல் நோட்டீசும்

மதுரை கீழவாசல் பக்கம் அப்பா விட்டுச்சென்ற கடை ஒன்று எனக்கு இருக்கிறது. 10 அடி அகலம், 24 அடி நீளம், தெருவைப் பார்த்து இரண்டு ஷட்டர். 2023 ஜூனில் அதை எழுதுபொருள் கடை வைக்க ஒருவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டேன். மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 54,000. ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வாடகை அதிகாரியிடமும் பதிவு எண் வாங்கி வைத்தேன். "என் எழுத்துபூர்வ சம்மதமின்றிக் கடையை முழுவதுமோ ஒரு பகுதியையோ வேறொருவருக்கு விடக்கூடாது" என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. இத்தனை இருந்தும் ஏமாற்றப்பட்டேன். கடையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

2024 ஆகஸ்டில் அந்தப் பக்கம் போனபோது இரண்டாவது ஷட்டருக்குள் செல்போன் பழுதுபார்க்கும் மேசை போட்டிருந்தது. நடுவில் பிளைவுட் தடுப்பு. யார் என்று கேட்டதற்கு, "என் மைத்துனன்தான் அக்கா, கூட ஒத்தாசைக்கு நிற்கிறான்" என்றார் வாடகைதாரர். நம்பிவிட்டேன். அடுத்த மாதம் என் பேத்தியின் போனுக்கு அங்கேயே ஒரு கண்ணாடி உறை வாங்கி, பணம் அனுப்ப மேசையிலிருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தேன். திரையில் வந்தது வாடகைதாரரின் பெயர் இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஜி.எஸ்.டி. சான்றிதழிலும் அந்தப் பையனின் பெயர், என் கடை முகவரி. விசாரித்ததில் அவன் மைத்துனனும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றரை லட்சம் அட்வான்ஸ், மாதம் 14,000 வாடகை கொடுத்து வந்திருக்கிறான். என் கடைக்கு என் வாடகைதாரர் உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்தது வெறும் 4,000 ரூபாய்.

கோபத்தில் அன்றிரவே வாட்ஸ்அப்பில் "15 நாளில் கடையைக் காலி செய்யுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். என்ன தவறு செய்தார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகும் இரண்டு மாத வாடகை வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. நான் எந்த ஆட்சேபமும் தெரிவிக்காமல் விட்டுவிட்டேன். பிறகு அவருடைய வக்கீலிடமிருந்து பதில் வந்தது. ஒப்பந்தத்தின் 14ஆவது நிபந்தனைப்படி, மீறலைக் குறிப்பிட்டு 30 நாள் திருத்திக்கொள்ளக் கெடு கொடுக்காமல் ஒப்பந்தத்தை முடிக்க முடியாது. உள்வாடகை என்று தெரிந்தும் வாடகை வாங்கியதால் அதை நானே ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று இருந்தது.

என் வக்கீல் விளக்கிய பிறகுதான் இது எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. சொத்து மாற்றச் சட்டத்தின் 114ஏ பிரிவு, நிபந்தனையை மீறிய வாடகைதாரருக்கு முதலில் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் உள்வாடகைத் தடை நிபந்தனைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலும், எழுத்துபூர்வ சம்மதமின்றி இடத்தை வேறொருவர் கையில் கொடுப்பது வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம். சட்டம் கேட்காத கெடுவை எங்கள் ஒப்பந்தம் கேட்டது. எங்கோ கிடைத்த மாதிரிப் படிவத்தைப் படிக்காமல் நகலெடுத்ததால் வந்த வினை. எழுதிக் கையெழுத்துப் போட்டபின் அதன்படி நடக்காவிட்டால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டே மாதக்கணக்கில் இழுத்துவிடும். வாடகை வாங்கிய விஷயமும் அப்படித்தான். மீறலை அறிந்தபின் வாடகை ஏற்பது உரிமையை விட்டுக்கொடுத்ததாகும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்துபூர்வ சம்மதம் நான் எங்கும் தரவில்லை என்பதால் அவர்கள் வாதம் பலவீனமானது. ஆனாலும் வாதாட இடம் கொடுத்தது நான்தான்.

நவம்பர் 4 அன்று முறையான நோட்டீஸ் போனது. ஒப்பந்தத் தேதி, பதிவு எண், மீறப்பட்ட நிபந்தனையின் எண். "இரண்டாவது ஷட்டருக்கு உட்பட்ட பகுதியைப் பிளைவுட் தடுப்பால் பிரித்து, செல்போன் கடை நடத்தும் இன்னாரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள்" என்று நடந்தது அப்படியே. பிறகு என்ன செய்தால் திருத்தியதாகும் என்பது: அந்த நபர் வெளியேற வேண்டும், தடுப்பை எடுக்க வேண்டும், அந்த முகவரியில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவை நீக்க வேண்டும், முழுக்கடையும் தன் வசம் இருப்பதாக எழுதித் தர வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கெடு. தவறினால் ஒப்பந்தம் முடிக்கப்படும். இதுவரை வந்த வாடகை சம்மதமாகாது என்றும் ஒரு வரி. கடைக்கும் வீட்டு முகவரிக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், செல்போன் கடைக்காரருக்கு ஒரு நகல். 7ஆம் தேதி கையெழுத்திட்ட அட்டை திரும்பி வந்தது. கெடு டிசம்பர் 7 வரை என்று அந்த அட்டையை வைத்துத்தான் கணக்கிட்டோம்.

டிசம்பர் 8 காலை இரண்டு சாட்சிகளோடு போனேன். தடுப்பு அப்படியே இருந்தது. பையன் ஒரு போனைப் பிரித்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். போர்டு, க்யூஆர் அட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். மறுநாளே ஒப்பந்தத்தை முடிக்கும் நோட்டீஸ் போனது. ஜனவரி வாடகை கணக்கில் விழுந்தபோது அன்றே திருப்பி அனுப்பி, ஏன் என்று கடிதமும் எழுதினேன். வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டோம்.

அங்கேதான் அடுத்த ஏமாற்று. இருவரும் கூட்டாளிகள், அது கூட்டு வியாபாரம் என்று 2024 மார்ச் தேதியிட்ட பங்குதாரர் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்தார். உண்மையான கூட்டு என்றால் அது உள்வாடகை ஆகாது. பலரும் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். இடம் யாருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். வெளியாள் தனியாக அனுபவிக்கிறார் என்று நாம் காட்டிவிட்டால், அது உள்வாடகை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வாடகைதாரருக்குப் போகிறது. கூட்டாளிக்கு எதற்குத் தனி உரிமையாளர் பெயரில் ஜி.எஸ்.டி.? கூட்டு வியாபாரத்தின் பணம் ஏன் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது? கூட்டு நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கோ பான் எண்ணோ ஏன் இல்லை? டிசம்பர் 8 படங்கள்தான் அன்று எனக்குக் கை கொடுத்தன.

மார்ச்சில் சமரசத்துக்கு வந்தார். "என் பாதியைத் தருகிறேன், அவன் அங்கேயே இருக்கட்டும், வாடகையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா" என்றார். வக்கீல் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வாடகைதாரர் தானாக ஒப்படைக்கும்போது உள்வாடகை பாதிக்கப்படாமல் தொடர வழி இருக்கிறதாம். மீறலால் ஒப்பந்தம் முடியும்போதோ உள்வாடகையும் சேர்ந்து அழிகிறது. இருவரும் கையெழுத்திட்டு, முழுக்கடையும் காலியாகச் சாவியோடு தர வேண்டும் என்றே எழுதினோம். ஏப்ரல் 30 மாலை வாங்கிக்கொண்டேன். கரண்ட் பில் பாக்கியையும் தரையில் ஆணி அடித்த சேதத்தையும் கழித்து மீதி அட்வான்ஸைத் திருப்பினேன்.

செல்போன் கடைப் பையன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். "அம்மா, என் ஒன்றரை லட்சத்தை இன்னும் தரவில்லை, இப்போது போனே எடுப்பதில்லை" என்றான். என் ஒப்பந்த நகலைக் கேட்டுப் பார்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று சொன்னேன். அவன் தலைகுனிந்து நின்றான். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருடன் இணைக்க, நோட்டீஸ் நகல்களையும் நீதிமன்றத்தில் அவர் தாக்கல் செய்த பங்குதாரர் பத்திரத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பத்திரத்தில் இருந்த கையெழுத்துத் தன்னுடையதே இல்லை என்று அன்றுதான் அவன் சொன்னான்.