எட்டு வருஷம் தொடாமல் விட்ட யூடியூப் சேனல்

பழைய ரேடியோக்களைப் பழுதுபார்ப்பது பற்றி 41 வீடியோ போட்டிருந்தேன். கடைசி வீடியோ 2016 செப்டம்பரில். அதற்குப் பிறகு 2024 நவம்பர் வரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

திரும்பிப் போனது பயத்தில்தான். இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்குவோம் என்று கூகுள் 2023 மே மாதமே சொல்லியிருந்தது. சேனலுக்கென்றே தனியாக ஒரு கணக்கு திறந்திருந்தேன் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கணக்கோடு கொடுத்திருந்த போன் எண் இப்போது என்னிடம் இல்லை. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

உள்ளே போனால் 41 வீடியோவும் அப்படியே இருந்தன. யூடியூப் வீடியோ உள்ள கணக்குகளை நீக்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று அந்த அறிவிப்பில் பின்னர் சேர்த்திருக்கிறார்கள். 'இப்போதைக்கு' என்பதை அழுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழியவில்லை, சரி. ஆனால் வீடியோவைச் சுற்றி இருந்தவை போயிருந்தன. அதைக் காட்டிக்கொடுத்தது கமெண்ட் பகுதி. ஒரு வீடியோவில் 6:42-இல் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு 47 கிலோ ஓம் என்று உளறியிருந்தேன். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று அதன் மதிப்பைச் சொல்லும் பட்டைகள் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. 47 என்றால் மூன்றாவது பட்டை ஆரஞ்சாக இருக்க வேண்டும். அன்றைக்கே பார்த்து, வீடியோ மேல் ஒரு அனோடேஷன் பெட்டி ஒட்டித் திருத்திவிட்டேன். 2018 வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. 2019-இலிருந்து 'தப்பாகச் சொல்கிறீர்கள்' என்று வரிசையாக ஒன்பது கமெண்ட்.

காரணம் இதுதான். அனோடேஷன் போடும் வசதியை 2017 மே மாதம் நிறுத்தினார்கள். பழைய வீடியோக்களில் இருந்த எல்லா அனோடேஷன்களையும் 2019 ஜனவரி 15 முதல் எடுத்துவிட்டார்கள். என் திருத்தம் போய்விட்டது, தப்பு மட்டும் நின்றுவிட்டது. 'அடுத்த பாகம் இங்கே' என்று ஒட்டியிருந்த பெட்டிகளும் போச்சு. இப்போது வீடியோவில் நான் விரலை நீட்டிக் காட்டும் மூலையில் ஒன்றுமே இல்லை, பார்க்க எனக்கே சிரிப்பு வருகிறது.

அதே முகவரியில் வேறு வீடியோவை மாற்றி ஏற்ற முடியாது. அதனால் விளக்கப் பெட்டியில் இப்படிச் சேர்த்தேன்:

```
Corrections:
6:42 47 அல்ல, 4.7 கிலோ ஓம்
```

முதல் சொல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், மீதி எந்த மொழியிலும் இருக்கலாம். இப்படி எழுதினால் அந்த நேரத்தில் வீடியோ மேலேயே திருத்தம் இருப்பதாக ஒரு அடையாளம் வருகிறது. அதை எல்லோரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதால் கமெண்ட் பகுதியின் உச்சியில் பின் செய்து வைத்த கமெண்டிலும் இதையே போட்டேன்.

அடுத்த அடி அன்லிஸ்டட் வீடியோக்களில் விழுந்திருந்தது. 41-இல் 14 வீடியோ, சுட்டி உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தவை. 2017-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்கள் எல்லாம் 2021 ஜூலை 23 அன்று பிரைவேட் ஆகிவிட்டன. அன்லிஸ்டட் சுட்டிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி 2017-இல் பலப்படுத்தினார்கள், அதற்கு முந்தையவை பழைய முறையிலேயே இருந்தன என்பதுதான் காரணம். வேண்டாம் என்று சொல்ல அவகாசம் கொடுத்து மெயிலும் அனுப்பியிருக்கிறார்கள். நான் திறக்காத பெட்டியில் அது மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரைக் குறை சொல்ல!

பப்ளிக் ஆக்கினால் பழைய சுட்டியே வேலை செய்யும். ஐந்தை அப்படி விட்டேன். மற்ற ஒன்பதில் நண்பர்களின் வீடுகள் தெரிகின்றன, அதனால் இறக்கிப் புதிதாக அன்லிஸ்டட்டாக ஏற்றினேன். அவற்றின் பார்வை எண்ணிக்கையும் கமெண்டும் பழசோடு நின்றுவிட்டன. இறக்குவதற்கு யூடியூப் ஸ்டுடியோவை நம்பாமல், நம் கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகப் போவது நல்லது. ஸ்டுடியோவில் தரம் குறைந்த பிரதிதான் கிடைக்கும்.

பணக் கதை சின்னது. விளம்பரப் பணத்தில் பங்கு தரும் பார்ட்னர் திட்டத்துக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும் என்ற விதி 2018 பிப்ரவரியில் வந்தபோதே 620 பேரோடு நான் வெளியே. ஆனால் 2021 ஜூனிலிருந்து, பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனல்களின் வீடியோவிலும் விளம்பரம் ஓடலாம், உரிமையாளருக்குப் பங்கு கிடையாது. என் வீடியோக்களிலும் ஓடுகிறது. திட்டத்தில் இருப்பவர்களும் ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் போடாமல் இருந்தால் வருமானம் நிறுத்தப்படலாம்.

போன் எண்ணை மாற்றினேன், மெயிலை என் தினசரிப் பெட்டிக்குத் திருப்பிவிட்டேன். தப்பைச் சுட்டிக்காட்டிய அந்த ஒன்பது பேருக்கும் பதில் எழுதினேன். ஒருவர் மட்டும் திரும்ப எழுதினார்: '47 போட்டுப் பார்த்து, ஒரு மாதம் கழித்து நானே கண்டுபிடித்துவிட்டேன்.'