"கெமிக்கல் இல்லாத வெல்லம்"னு போட்டோ போட்டு விக்கிறவங்ககிட்ட வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

மக்களே, தீபாவளிக்கு அதிரசம் போட இன்ஸ்டால ஒரு பேஜ்ல உருண்டை வெல்லம் ஆர்டர் பண்ணி நல்லா ஏமாந்தாச்சு. பேஜ் பேரு இங்க போடல, ஏன்னா இதே போட்டோ இதே டயலாக்கோட நாலஞ்சு பேஜ் சுத்திட்டு இருக்கு, ஒரு பேர சொன்னா மத்தவங்க நல்லவங்கன்னு ஆயிடும். பேர விட அந்த போட்டோவ எப்படி பாக்கணும்ங்கிறதுதான் உங்களுக்கு உபயோகம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

போட்டோல வாழை இலை மேல அஞ்சாறு உருண்டை, நல்லா கரும்பழுப்பு, பின்னாடி வேட்டி மாதிரி ஒரு வெள்ளத்துணி. "ஆலைல இருந்து நேரா வருது அக்கா, ஹைட்ரோஸ் கிடையாது, சீனி கிடையாது, கலர பாத்தாலே தெரியும்"னு மெசேஜ். விலை சந்தை விலைக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பார்சல் வந்து பிரிச்சு பாத்தா மேல பழுப்பாதான் இருந்துச்சு, போட்டோ அளவுக்கு இல்லைன்னாலும் பரவாயில்லன்னு சொல்லலாம். அம்மிக்குழவில ஒரு போடு போட்டு உடைச்சதும்தான் விஷயம் வெளிய வந்துச்சு, உள்ள முழுக்க எலுமிச்சம்பழ மஞ்சள். வெளிய ஒரு தோல் மாதிரி பழுப்பு, அதுக்கு உள்ள வெளுப்பு, நடுவுல ரெண்டுக்கும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரியுது. உடைஞ்ச முகத்துல லைட் பட்டா புள்ளி புள்ளியா மின்னுது.

என் மாமியார் எட்டி பாத்துட்டு "இது பாகுக்கு ஆகாதும்மா, சீனி போட்டு காச்சுனது"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. இருந்தாலும் அவசரப்பட்டு ஒருத்தர குத்தம் சொல்லக்கூடாதுன்னு அரைச்ச ஈரமாவ ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு இந்த வெல்லம், இன்னொரு பாதிக்கு எங்க தெருமுனை மளிகைக்கடை பாகு வெல்லம் போட்டோம். அதே மாவு, அதே அளவு, பாகு பதம் பாத்ததும் அதே அத்தைதான், தண்ணில விட்டு உருட்டி உருட்டி பாத்துதான் இறக்குனாங்க. மளிகைக்கடை வெல்லத்துல பிசைஞ்ச மாவு மறுநாள் சப்பாத்தி மாவு மாதிரி வளைஞ்சு கொடுத்துச்சு. ஆன்லைன் வெல்ல மாவு இறுகி, கரண்டி உள்ள போகல, போட்ட அதிரசமும் எண்ணெய்ல விரிசல் விட்டு உதிருது.

இதுக்கு காரணம் இருக்கு. கரும்புச்சாற காச்சும்போது அதுல இருக்கற சர்க்கரைல ஒரு பகுதி உடைஞ்சு குளுக்கோஸ், ஃபிரக்டோஸா மாறிடும். நல்ல வெல்லத்துல இது கணிசமா இருக்கும், அதுதான் வெல்லத்துக்கு அந்த பிசுபிசுப்பையும் ஈரத்த இழுக்கற குணத்தையும் கொடுக்குது, பாகு ஆறுனதும் திரும்ப சீனியா பூத்துடாம தடுக்கறதும் இதுதான். மூட்டை சீனிய கொப்பரைல கொட்டி காச்சுனா இந்த உடைஞ்ச சர்க்கரையோட பங்கு கொறஞ்சிடும், அப்ப பாகு ஆற ஆற மணி மணியா உறைஞ்சு கல்லாகும். பாகு முத்திப்போனாலும் மாவு இறுகும்தான், அதனாலதான் பக்கத்துல இன்னொரு வெல்லத்தயும் வச்சு பாத்தோம்.

இப்ப ஹைட்ரோஸ் கதைக்கு வரேன். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்னு ஒரு வெள்ளைப்பொடி, துணி சாய ஃபேக்டரில யூஸ் பண்றது. கொதிக்கற சாறுல இத போட்டா பழுப்பு மளமளன்னு மஞ்சளா வெளுத்துடும். ஏன் போடறாங்கன்னா சந்தைல வெளுப்பா மஞ்சளா இருக்கற வெல்லத்துக்குதான் ஏலத்துல நல்ல விலை போகுது, பிலிக்கல்பாளையமோ சித்தோடோ எங்க போனாலும் கலர பாத்துதான் விலை கேக்கறாங்க. வருஷக்கணக்கா மஞ்சள் வெல்லம்தான் சுத்தமானதுன்னு நம்ம கண்ண பழக்கிட்டோம். சாறோட அழுக்க எடுக்க சுண்ணாம்புத்தண்ணியோ வெண்டைச்செடி தண்டோட வழவழப்போ போதும், பழைய ஆளுங்க அப்படிதான் பண்ணாங்க, ஆனா அதுல இந்த எலுமிச்சை நிறம் வராது.

ஹைட்ரோஸ் நிறத்த அழிக்கல, அமுக்கி வச்சிருக்கு, அவ்வளவுதான். காத்துபட்டா மெல்ல மெல்ல பழுப்பு திரும்ப வரும், அதுவும் காத்து படற மேல்பக்கத்துல மொதல்ல வரும். எங்களுக்கு வந்த உருண்டைல தோல் மட்டும் பழுப்பா இருந்ததுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கறேன். நாங்க உடைச்சு டப்பால போடாம வச்ச துண்டுலயும் அந்த மஞ்சள் முகம் கொஞ்ச நாள்ல அதே மாதிரி பழுத்துச்சு. நல்ல வெல்லமும் வச்சா மேல கருக்கும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அது உள்ளேருந்து வெளிய வர வர கொஞ்சம் கொஞ்சமா அடர்த்தியாகும், உள்ளயும் பொன்பழுப்பாவாவது இருக்கும். ஆக கடைக்காரர் மூட்டைல நாளாகி கருத்துப்போன வெளுத்த வெல்லத்த "பாருங்க எவ்ளோ டார்க்கா இருக்கு"ன்னு முழு உருண்டையா போட்டோ எடுத்து போட்டா அந்த போட்டோ பொய்யே சொல்லாது, ஆனா நம்மள ஏமாத்திடும்.

போதாததுக்கு எங்க கேஸ்ல போட்டோலயும் வேலை நடந்திருக்கு. அந்த படத்த சேவ் பண்ணி வச்சிருந்தேன், பெருசாக்கி பாத்தா பின்னாடி இருக்கற வெள்ளத்துணி மஞ்சத்தண்ணில முக்குன மாதிரி இருக்கு, வாழை இலை பச்சையா இல்லாம காஞ்ச இலை நிறத்துல இருக்கு. சாயங்கால வெயில்லயோ இல்ல ஃபில்டர் போட்டோ எடுத்திருக்காங்க. என் பையன் போன் எடிட்டர்ல அந்த துணி வெள்ளையா தெரியற வரைக்கும் கலர் சூட்ட கொறைச்சான், உருண்டை எல்லாம் கரும்பழுப்புல இருந்து ஆரஞ்சு மஞ்சளுக்கு வந்துடுச்சு. படத்துல வெள்ளைனு உறுதியா தெரிஞ்ச பொருள் ஒண்ணு, சாதம், பேப்பர், வேட்டி, எதுவோ ஒண்ணு இல்லைன்னா வெல்லத்தோட நிறத்த பத்தி அந்த போட்டோவ வச்சு எதுவும் சொல்ல முடியாது.

அதனால இனிமே யாராச்சும் வெல்லம் விக்க போட்டோ அனுப்புனா நான் ரெண்டே விஷயம் கேக்கறேன். உருண்டைய உடைச்சு, உள்முகம் தெரியற மாதிரி, வெள்ளைப்பேப்பர் மேல வச்சு, வாசல்ல நிழல் வெளிச்சத்துல ஒரு போட்டோ. அப்புறம் அதே துண்ட கைல வச்சு மெதுவா திருப்பற மாதிரி ஒரு சின்ன வீடியோ. நல்ல வெல்லம் உடைஞ்ச இடத்துல பொறுபொறுன்னு, நுரை இருந்த இடத்துல சின்ன சின்ன ஓட்டையோட, நிறம் இடத்துக்கு இடம் லேசா மாறி, ஒண்ணு ரெண்டு நார் தூசியோட இருக்கும், திருப்புனா மொத்தமா ஒரு மங்கலான ஈரப்பளபளப்பு தெரியும். சீனி அதிகமா இருந்தா உடைஞ்ச விளிம்பு கண்ணாடி மாதிரி கூரா நிக்கும், திருப்ப திருப்ப தனித்தனி புள்ளி மின்னி மின்னி மறையும். வெல்லத்துலயும் சர்க்கரை மணி உண்டு, நல்லா காச்சுன வெல்லத்துல மணி கட்டுறது குத்தமில்ல, ஆனா அது பொடி மணி, கண்ணுக்கு தனியா தெரியாது. முழுசா கரையாத சீனி மாதிரி கட்டம் கட்டமா பளிச்சுன்னு தெரிஞ்சாதான் சந்தேகம்.

ஆனா நிறைய யூடியூப் வீடியோல சொல்ற மாதிரி "டார்க்கா இருந்தா ஒரிஜினல்"னு நம்பிடாதீங்க. உப்பு மண்ணுல விளைஞ்ச கரும்பு, முத்தி பழசான கரும்பு, அடிப்பிடிச்ச பாகு எல்லாமே கருப்பாதான் வரும், அதுல உப்புக்கரிக்கும் கசப்பும் கலந்து வரும். இப்ப டார்க் வெல்லத்துக்கு விலை கூடிட்டதால கலர் சேக்கறவங்களும் இருக்காங்க. மஞ்சளா இருந்தா எல்லாமே ஹைட்ரோஸ்னு சொல்றதும் தப்பு, நல்லா அழுக்கெடுத்து காச்சுன புதுவெல்லம் தங்க நிறத்துல வரும். சந்தேகப்பட வேண்டியது அந்த வெளிறுன எலுமிச்சை மஞ்சளையும், எல்லா உருண்டையும் ஒரே அச்சு நிறத்துல இருக்கறதையும்தான்.

போட்டோ காட்டவே காட்டாத விஷயம் கந்தகம். வெல்லத்துல சல்ஃபர் டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராம தாண்டக்கூடாதுன்னு உணவு பாதுகாப்பு விதி இருக்கு, அது தாண்டிச்சா இல்லையான்னு லேப்லதான் தெரியும். வீட்ல ஆஸ்துமா இருக்கறவங்க இருந்தா இத லேசா எடுத்துக்காதீங்க, சல்ஃபைட் சிலருக்கு மூச்சு இழுக்க வைக்கும். சுண்ணாம்புப்பொடி கலப்பு மட்டும் வீட்லயே பாக்கலாம், கண்ணாடி டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் வெல்லத்த சுடுதண்ணில கரைச்சு ஆட்டாம வைங்க, அடியில வெள்ளையா படிஞ்சா மேல் தண்ணிய வடிச்சுட்டு அடியில படிஞ்சதுல வினிகர் விடுங்க, நுரை பொங்குனா கார்பனேட் இருக்கு. எங்க வெல்லத்துல இது வரல. தண்ணி மட்டும் ரொம்ப தெளிவா, லைட் டீ நிறத்துல நின்னுச்சு, கடை வெல்லத்தோட தண்ணி கலங்கலா, மேல அழுக்கு நுரையோட இருந்துச்சு.

இதெல்லாம் போட்டோ எடுத்து அந்த பேஜுக்கு அனுப்புனேன். மொதல்ல "பிரெஷ் வெல்லம் உள்ள அப்படித்தான் இருக்கும் அக்கா"ன்னான். அப்ப கடைல வாங்கின உருண்டையோட உள்முகத்த பக்கத்துல வச்சு இன்னொரு போட்டோ போட்டேன். "ஒவ்வொரு பேட்ச் ஒவ்வொரு மாதிரி வரும்"னான். சரி தம்பி, உங்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் சொல்லுங்க, கவர்ல 14 இலக்க நம்பர் இல்லையேன்னு கேட்டேன். அதோட சரி, ப்ளாக். பணம் வரல.

கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற உணவு பாதுகாப்பு பிரிவுல எழுதிக்கொடுத்தாச்சு, உடைக்காத ரெண்டு உருண்டை, பார்சல் கவர், பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேத்து வச்சிருக்கேன். நீங்க வாங்குறதா இருந்தா மொதல்ல ஒரே ஒரு கிலோ வாங்குங்க, வந்ததும் பிரிக்கறதையும் உடைக்கறதையும் கட் பண்ணாம வீடியோ எடுங்க. உடைச்ச போட்டோ கேட்டா "உடைச்சா யாரு வாங்குவா அக்கா"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அவர்கிட்ட வாங்கல, இன்னொருத்தர் கேட்டதும் வாசல்ல வச்சு உடைச்சு அனுப்பிட்டாரு, அடுத்த ஆர்டர் அவர்கிட்டதான்.