தாமதத்துக்கு மெமோவா, சம்பளப் பிடித்தமா, விளக்கம் கேட்ட பிறகு எச்சரிக்கையா?

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுகளில் காலை எட்டரை மணிக்கு லைன் ஓடத் தொடங்க வேண்டும். ஒரு மிஷின் காலியாக இருந்தால் அதற்கு அடுத்த மிஷினில் வேலை நிற்கும். அதனால் அடிக்கடி தாமதமாக வருபவரை என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எல்லா ஆபீஸிலும் உண்டு. பழக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன: மூன்று தாமதத்துக்கு அரைநாள் சம்பளம் பிடிப்பது, நேராக ஒரு எச்சரிக்கை மெமோ கொடுப்பது, முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துப் பதிலைப் படித்த பிறகு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது. பணியாளர் பிரிவில் இருக்கும் நான் எங்கள் யூனிட்டுக்குத் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சம்பளப் பிடித்தத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வேலை செய்யாத நேரத்துக்கு உரிய கூலியை மட்டுமே பிடிக்கலாம் என்பது 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடா சட்டத்திலேயே இருந்தது. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. பதினைந்து நிமிடம் தாமதமானால் பதினைந்து நிமிடக் கூலி, அவ்வளவுதான். அரைநாளைப் பிடித்தால் அது அபராதம் ஆகிவிடும். அபராதத்துக்குத் தனி விதிகள் உண்டு: எதற்கெல்லாம் அபராதம் என்று முன்பே நோட்டீஸ் போர்டில் போட்டிருக்க வேண்டும், ஆளிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியே பிடித்துவிட்டாலும், அதே தேதிகளுக்குப் பின்னால் எச்சரிக்கையும் கொடுத்தால் ஒரே தவறுக்கு இரண்டு தண்டனையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஆக, உண்மையான போட்டி நேர் மெமோவுக்கும் விளக்கம் கேட்டுக் கொடுக்கும் எச்சரிக்கைக்கும்தான். மெமோவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது வேகம். "இன்னா சார், லேட்டுக்குக் கூடவா இவ்ளோ பேப்பர்? ரெண்டு வரி மெமோ போதும்" என்று எங்கள் லைன் சூப்பர்வைசர் கேட்டதில் தப்பில்லை. காலையில் அடித்து மதியம் கையெழுத்து வாங்கிவிடலாம். விளக்கம் கேட்கும் வழிக்கு எப்படியும் பத்து நாள் ஆகும், மூன்று பேருடைய நேரமும் போகும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொரு விஷயம். எச்சரிக்கைக் கடிதத்தை இன்றைக்குப் படிப்பவர் அந்தத் தொழிலாளி. ஆனால் அது உண்மையில் பயன்படுவது ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, நம்மை அறியாத ஒருவர் கையில் இருக்கும்போது. பழக்கம் மாறாமல் விவகாரம் பெரிதாகி உள் விசாரணை, சமரச அதிகாரி, வேலூர் லேபர் கோர்ட் என்று போனால் பர்சனல் ஃபைலில் இருக்கும் பழைய எச்சரிக்கைகளைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். தண்டனை கொடுக்கும்போது முந்தைய நடத்தையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது, தொழிற்சாலைப் பணி விதிகளுக்கு அரசு வகுத்துத் தரும் மாதிரி நிலையாணைகளிலேயே இருக்கிறது. வேலையை விட்டு நீக்கிய தண்டனை அதிகம் என்று தோன்றினால் அதைக் குறைக்கும் அதிகாரமும் 1971-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து லேபர் கோர்ட்டுக்கு உண்டு. பதிலே கேட்காமல் கொடுத்த மெமோ அங்கே பாதி காகிதம்தான். 'என்னிடம் யாரும் கேட்கவே இல்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும், நாலு மெமோவும் எடை இழந்துவிடும்.

இதே காரணத்தால் கடிதத்தில் எதை எழுதுகிறோம் என்பதும் முக்கியமாகிறது. மாதிரி நிலையாணைகளில் 'வழக்கமாகத் தாமதமாக வருதல்' ஒழுங்கீனம் என்று இருக்கிறதே தவிர, எத்தனை முறை வந்தால் வழக்கம் என்று எண்ணிக்கை கிடையாது. அதை நிர்வாகம்தான் முன்பே அறிவித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும். எங்கள் போர்டில் இருப்பது இது: ஐந்து நிமிடச் சலுகைக்குப் பிறகு வருவது தாமதம், இரண்டு மாதத்தில் நான்குக்கு மேல் போனால் நடவடிக்கை. அதே கணக்கில் தாமதமாக வந்த இன்னொருவரை விட்டுவிட்டு, சங்கத்தில் தீவிரமாக இருப்பவருக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்தால் தேதிகள் எல்லாம் உண்மையாக இருந்தாலும் நடவடிக்கை நிற்காது.

ஒரு கேஸை முழுதாகச் சொல்கிறேன். பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு தையல் தொழிலாளி. ஜூன் மாதமே சூப்பர்வைசர் வாயால் எச்சரித்து, தேதி போட்டு லைன் நோட்டில் எழுதி, அவரிடம் காட்டியிருந்தார். அதன் பிறகும் ஜூலை, ஆகஸ்டில் கைரேகை மிஷின் பட்டியலில் பதினொரு தாமதம். நேர் மெமோ என்றால் 'பதினொரு முறை தாமதம்' என்று அன்றைக்கே போயிருக்கும்.

நோட்டீஸ் அடிக்கும் முன் பட்டியலை கேட் ரிஜிஸ்டரோடு வைத்துப் பார்த்தோம். இரண்டு நாள் கம்பெனி பஸ்ஸே எட்டே முக்காலுக்குத்தான் உள்ளே வந்திருக்கிறது. அவரோடு அந்தப் பஸ்ஸில் வந்த எல்லோருமே தாமதம். இரண்டு நாளுக்கு பெர்மிஷன் சீட்டு இருந்தது. ஒரு நாள் மிஷின் 8.37 காட்டியது, ஆனால் மிஷின் கடிகாரம் மூன்று நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தினால் 8.34, அதாவது சலுகைக்குள். ஐந்தைக் கழித்தால் மிச்சம் ஆறு. நோட்டீஸில் அந்த ஆறுதான் போனது, ஒவ்வொன்றுக்கும் தேதி, திருத்திய நேரம், எத்தனை நிமிடம் என்ற விவரத்தோடு. 'அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள்' என்ற வாக்கியத்துக்கு யாராலும் பதில் எழுத முடியாது. 'ஜூலை 9, 8.47' என்று இருந்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்க முடியும்.

நோட்டீஸின் தொனியிலும் கவனம் வேண்டும். 'நீங்கள் ஒழுங்கீனம் செய்துள்ளீர்கள், ஏன் தண்டிக்கக் கூடாது' என்று எழுதினால் முடிவை எடுத்துவிட்டுப் பிறகு கேட்பதாக ஆகிவிடும். 'கீழ்க்கண்ட தேதிகளில் தாமதமாக வந்ததாகப் பதிவு காட்டுகிறது. இது குறித்து உங்கள் விளக்கத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தரவும். எழுத இயலாவிட்டால் நேரில் சொல்லலாம், அதை எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து பெறப்படும்' என்பதுதான் எங்கள் வாசகம். கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே 'பெற்றுக்கொண்டதற்கு மட்டும். குற்றத்தை ஏற்றதாகாது' என்று அச்சடித்திருக்கிறோம். இந்த ஒரு வரி வந்த பிறகு வாங்க மறுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்படியும் மறுத்தால் இரண்டு சாட்சி கையெழுத்தோடு குறிப்பு எழுதி, வீட்டு முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்ப வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருதுதான் வாசிப்பேன் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு யார் படித்துச் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்துத் திங்கள் காலைக்குள் பதில் கேட்கும் வழக்கமும் ஊரில் இருக்கிறது. அது கண்துடைப்பு.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஊருக்குப் போய்விட்டார், பக்கத்து வீட்டில் விட்டு வருவதற்குள் கம்பெனி பஸ் போய்விடுகிறது, டவுன் பஸ்ஸில் வர வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். ஜூலை 18 அன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்று அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டையும் இணைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, அவர் விரும்பிய சக தொழிலாளி ஒருவரையும் உட்கார வைத்துப் பேசினோம். "சார், பஸ்ஸு எங்க தெருமுனையில நின்னா நான் ஒருநாளும் லேட் ஆக மாட்டேன்" என்றார். "சரிம்மா, டிரைவர்கிட்ட கேட்டுப் பாக்கறேன், ஆனா மத்த நாளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே" என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஜூலை 18-ஐக் கழித்தோம். ஐந்து தேதிக்கு எச்சரிக்கை போனது. கடிதத்தின் நடுப்பகுதி இது:

"மேற்கண்ட ஆறு தேதிகளில் ஜூலை 18-ஆம் தேதிக்கான உங்கள் விளக்கமும் மருத்துவச் சீட்டும் ஏற்கப்பட்டு, அத்தேதி நீக்கப்படுகிறது. மற்ற ஐந்து நாட்களுக்கு நீங்கள் கூறிய குடும்பக் காரணம் கருத்தில் கொள்ளப்பட்டது. எனினும், ஜூன் மாதம் வாய்மொழியாக எச்சரித்த பிறகும் முன்தகவலோ பெர்மிஷனோ இல்லாமல் தாமதம் தொடர்ந்ததால், உங்களை எழுத்து மூலம் எச்சரிக்கிறோம். இனி காலை 8.30-க்கு மிஷினில் இருக்க வேண்டும். பஸ் நிறுத்தம் மாற்றம் குறித்துத் தனியே தெரிவிக்கப்படும். மூன்று மாதம் கழித்து வருகை மறுபடி பார்க்கப்படும். இக்கடிதம் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. இதில் ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் தொழிற்சாலை மேலாளருக்கு எழுதலாம். அதுவும் உங்கள் கோப்பில் சேர்க்கப்படும்."

பதினொன்று ஐந்தானதைச் சூப்பர்வைசர் தோல்வியாகப் பார்த்தார். எனக்கு அதுதான் இந்த வழியின் முழு லாபம். பதினொன்று என்று மெமோ கொடுத்திருந்தால், சங்கத்துக்காரர் கேட் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பஸ் வந்த நேரத்தைக் காட்டியிருப்பார். இரண்டு தேதி பொய்யென்று ஆனதும் மிச்சம் ஒன்பதையும் யாரும் நம்பமாட்டார்கள். இந்த ஐந்தில் அவர் மறுக்கக்கூடிய தேதி எதுவும் இல்லை, அவருடைய பதிலும் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, ஆறாவது தேதி எப்படிக் கழிந்தது என்று ஃபைலைத் திறக்கும் அந்நியருக்கும் தெரியும். பதிலைப் படித்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பின்னால் பெரிய நடவடிக்கை வந்து இந்த எச்சரிக்கையை நம்பித் தண்டனையைக் கூட்டுவதானால், அந்த நோட்டீஸிலும் இதைக் குறிப்பிட்டுப் பதில் கேட்க வேண்டும். முந்தைய பதிவை ஆளிடம் சொல்லாமல் தண்டனைக்கு அடிப்படையாக்கக் கூடாது என்று மஞ்சே கௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. அது அரசு ஊழியர் வழக்கு. ஆனாலும் தனியார் விசாரணைகளிலும் வக்கீல்கள் அதைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பன்னிரண்டு மாத ஆயுள் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு. ஆறு மாதம் வைத்தாலும் குற்றமில்லை. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இந்தக் கடிதத்தை நாம் கொடுக்க முடியாது, அவர்களுடைய முதலாளியான காண்ட்ராக்டர்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் நிலையாணைகள் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் என்பதால், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கடைகளுக்கு இத்தனை காகிதம் வேண்டாம் என்று தோன்றலாம். அங்கே தேதியும் நேரமும் எழுதிய ஒரு தாளை அவரிடம் காட்டி, அவர் சொல்வதை அதே தாளின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதி வாங்கி வைத்தால் போதும். தாளை ஜெராக்ஸ் எடுத்து அவருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.