சப்ஸ்கிரைபர் ஒருவர்கூட இல்லாமல் தொடங்கிய சேனல்: எட்டு மாத அனுபவம்

ஈரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கொண்டுவரும் பழுது வீட்டிலேயே சரிசெய்யக்கூடியது என்பதால், அவற்றைக் காணொளியாக எடுத்து யூடியூபில் போடலாம் என்று எட்டு மாதங்களுக்கு முன் ஒரு சேனல் தொடங்கினேன். இப்போது அதில் 640 சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள். பெரிய எண்ணிக்கை அன்று. ஆயினும் முதல் மூன்று வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், மீதி மாதங்களில் எது வேலை செய்தது என்பதை எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலில் போட்டது கடையை அறிமுகப்படுத்தும் பன்னிரண்டு நிமிடக் காணொளி. உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் இணைப்பை அனுப்பினேன். இரண்டு நாளில் 180 பார்வைகள் வந்தன, பிறகு ஒன்றும் வரவில்லை. YouTube Studio-வில் அந்தக் காணொளி எந்த நொடிவரை பார்க்கப்பட்டது என்பதைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தபோதுதான் காரணம் விளங்கியது. அரை நிமிடத்துக்குள் பத்தில் ஏழு பேர் வெளியேறியிருந்தார்கள். அவர்கள் என்மீதுள்ள அன்பால் இணைப்பைத் தொட்டவர்கள். மிக்ஸியைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் அல்லர். இந்தப் பார்வைகளை வைத்து இந்தக் காணொளியை இன்னாருக்குக் காட்டலாம் என்று யூடியூபும் ஊகிக்க முடியாது, காணொளியில் குறை எங்கே என்று நானும் அறிய முடியாது. அதற்குப் பிறகு ஒரு இணைப்பைக்கூட நான் குடும்பக் குழுவில் போடவில்லை. மைத்துனர் அதற்காக இன்றும் வருத்தப்படுகிறார்.

புதிய சேனலின் காணொளியை முகப்புப் பக்கத்திலோ வேறொரு காணொளியின் பக்கத்திலோ யூடியூப் பரிந்துரைக்க வேண்டுமானால், இதைப் பார்த்தவர்கள் வேறு எவற்றைப் பார்க்கிறார்கள் என்ற தடம் வேண்டும். அந்தத் தடம் நம்மிடம் இருக்காது. தேடலுக்கு மட்டும் அவ்வளவு தடம் தேவைப்படுவதில்லை. ஒருவர் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்கிறார், அதற்கு நேராகப் பதில் சொல்லும் காணொளிகள் குறைவாக இருந்தால் பெயர் தெரியாத சேனலுக்கும் இடம் கிடைக்கிறது. ஆகவே அடுத்த காணொளியை ஒரே ஒரு கேள்விக்காக எடுத்தேன். மாவோ மசாலாவோ அதிகமாகப் போட்டு அரைக்கும்போது மோட்டார் சூடாகி, அடியிலுள்ள ஓவர்லோடு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் ஆறவிட்டு, கவிழ்த்து, சிவப்புப் பட்டனை அமுக்கினால் ஓடும். இதை அறியாமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்கள் ஏராளம். காணொளியின் நீளம் 3 நிமிடம் 40 நொடி. வணக்கம் சொல்லவில்லை, முதல் நொடியிலேயே மிக்ஸியைக் கவிழ்த்துப் பட்டனைக் காட்டினேன்.

தலைப்பில்தான் முதலில் தவறு செய்தேன். ‘மிக்ஸியில் மிகைச்சுமைப் பாதுகாப்பு’ என்று வைத்திருந்தேன். அப்படி யாரும் தேடுவதில்லை. யூடியூபின் தேடல் பெட்டியில் mixie என்று தட்டியதும் கீழே வரிசையாக வரும் வாசகங்களைப் பார்த்தால், மக்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள் என்பது தெரிந்தது. தலைப்பை ‘மிக்ஸி ஓடவில்லையா? அடியில் உள்ள சிவப்பு பட்டன் | mixie not working tamil’ என்று மாற்றினேன். சில வாரங்கள் கழித்து, Traffic source பகுதியில் YouTube search என்பதைத் தொட்டு, எந்தெந்தச் சொற்களால் வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். அதில் mixie red button, mixie switch on aagala, mixie odala ஆகியவை இருந்தன. கடைசி இரண்டும் நான் எங்கும் எழுதாதவை. விவரப் பகுதியில் இயல்பான ஒரு வாக்கியமாக அவற்றைச் சேர்த்தேன். நாளுக்கு ஆறு பார்வையாக இருந்தது இரண்டு மாதத்தில் நாற்பதைத் தொட்டது. மெதுவானது என்றாலும் நிற்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களில், வீடுதோறும் மிக்ஸி ஓயாமல் ஓடும் காலத்தில், அது இரட்டிப்பானது.

தம்ப்நெயில் குறித்து ஒரு எச்சரிக்கை. முதலில் என் முகத்தையும் பெரிய எழுத்துகளையும் வைத்திருந்தேன். பிறகு கவிழ்ந்த மிக்ஸியும் பட்டனில் வைத்த கட்டைவிரலும் மட்டும் தெரியும் படத்தை வைத்தேன். படத்தைக் கண்டவர்களில் எத்தனை பேர் தொட்டார்கள் என்ற Impressions click-through rate 2.8 சதவீதத்திலிருந்து 6.1 ஆனது. ஆனால் நூறு இம்ப்ரஷனுக்குள், அதாவது படம் நூறு முறை காட்டப்படுவதற்குள், இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நான்கு பேர் கூடுதலாகத் தொட்டாலே அது தலைகீழாகிவிடும். நான் ஐந்நூறு இம்ப்ரஷன் வரும்வரை படத்தை மாற்றுவதில்லை. இன்னொன்று, ஐந்தாம் மாதத்தில் இந்த எண் திடீரென நாலரைக்கு இறங்கியபோது பதறினேன். பார்த்தால், தேடலில் மட்டும் காட்டப்பட்ட காணொளி பரிந்துரைகளிலும் காட்டப்படத் தொடங்கியிருந்தது. தேடி வந்தவரைப் போல, தேடாதவர் தொடமாட்டார். விகிதம் குறைந்தது, பார்வைகள் கூடின.

ஷார்ட்ஸும் முயன்றேன். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரைக் கழற்றும் நாற்பது நொடிக் காட்சி மூன்று நாளில் பதினோராயிரம் பார்வைகளும் தொண்ணூறு சப்ஸ்கிரைபர்களும் தந்தது. அந்தத் தொண்ணூறு பேரில் அடுத்த நீளக் காணொளிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே பார்வையாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும், விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களுடன் வேண்டிய 4,000 மணி நேரத்தில் ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்பட்ட நேரம் சேராது என்பதையும் மனத்தில் வைத்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

உண்மையில் சேனலைச் சேனலாக்கியது ஒரு கருத்துரை. “அண்ணா, பட்டன் அமுக்கியும் ஓடல, லேசா கருகுன வாசனை வருது” என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதாகவோ, ஜாரில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருப்பதாகவோ இருக்கலாம். ஜாரின் பிளேடைக் கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதையே அடுத்த காணொளியாக எடுத்தேன். சிவப்புப் பட்டன் காணொளியின் கடைசிப் பதினைந்து நொடியில் End screen வழியாகவும், மேலே பொருத்திய கருத்துரை வழியாகவும் அங்கே அனுப்பினேன். ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றையும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், என் காணொளிகளுக்குள்ளேயே ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை யூடியூப் காட்டத் தொடங்கியது.

இந்த வழிக்கு எல்லை உண்டு. நகைச்சுவையோ பயணமோ செய்பவருக்கு, தேடப்படும் கேள்வி என்று ஒன்று இல்லாததால், இது பெரிதும் உதவாது. எனக்குமே எட்டு மாதம் கழித்தும் பார்வைகளில் பெரும்பங்கு தேடலிலிருந்துதான் வருகிறது. முகப்புப் பக்கத்திலிருந்து வருபவை இன்னும் சொற்பமே. கடை அறிமுகக் காணொளியைத் தேடலில் வராதபடி Unlisted ஆக்கிவிட்டேன். அடுத்து எடுக்கப்போவது கிரைண்டர் பெல்ட் மாற்றுவது. கடந்த மாதம் மட்டும் ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.